இரண்டின் மடக்கை எங்கிருந்து வந்தது?



இன்று ஒரே ஒரு தொகையை எடுத்துக்கொண்டு பேசப் போகிறேன். சைன் சார்பின் மடக்கையை 0 முதல் π/2 வரை தொகையிட்டால் என்ன வரும் என்பது கேள்வி. விடையை முதலிலேயே பலகையில் எழுதிவிடுகிறேன்:

∫₀^(π/2) log(sin x) dx = −(π/2) log 2

இந்த உரை முழுவதும் log என்று நான் எழுதுவது e-ஐ அடிமானமாகக் கொண்ட இயல்மடக்கை. எண்ணாகச் சொன்னால் விடை −1.0888. நுழைவுத்தேர்வுக்குப் படித்தவர்கள் பலர் இதை மனப்பாடமாகவே வைத்திருப்பீர்கள். நான்கைந்து வரிகளில் முடிந்துவிடுகிற கணக்குதான். அந்த வரிகள் ஒவ்வொன்றும் எதன்மேல் நிற்கிறது, எந்த வரியில் கால் இடறும், இடறினால் அதை எப்படிக் கண்டுகொள்வது, இந்த வழி எந்த இடத்தில் நம்மைக் கைவிடுகிறது என்பதையெல்லாம் நிதானமாகப் பார்க்க இந்த ஒரு மணி நேரத்தைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

வழக்கமாக ஒரு வரையறுத்த தொகையைக் காண நாம் என்ன செய்வோம்? வகையிட்டால் நம் சார்பைத் தருகிற இன்னொரு சார்பைக் கண்டுபிடிப்போம். அதில் மேல் எல்லையை இடுவோம், கீழ் எல்லையை இடுவோம், கழிப்போம். இங்கே அந்தப் பாதை அடைபட்டிருக்கிறது. வகையிட்டால் log(sin x) வருகிற சார்பு இருக்கிறது. ஆனால் அதைப் பல்லுறுப்புக் கோவை, திரிகோணமிதிச் சார்பு, அடுக்குக்குறிச் சார்பு, மடக்கை ஆகியவற்றைக் கொண்டு முடிவுள்ள ஒரு கோவையாக எழுத முடியாது. இது நமக்குத் திறமை போதாததால் வந்த தடை என்று எண்ண வேண்டாம். எழுத முடியாது என்பதே நிறுவப்பட்ட முடிவு. ஆகவே வளைவின் ஒவ்வொரு துண்டுக்கும் அடியிலுள்ள பரப்பைத் தனித்தனியாக அறியாமல், முழுப் பரப்பை மட்டும் ஒரே அடியில் பிடிக்க வேண்டும். அதற்குத்தான் சமச்சீர் உதவுகிறது.

நிறுவலுக்குப் போகுமுன் எண்களைக் கொஞ்சம் தொட்டுப் பார்ப்போம். 90 பாகையை ஒன்பது சம துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் நடுக்கோணத்தையும் எடுங்கள்: 5°, 15°, 25° என்று 85° வரை ஒன்பது கோணங்கள். கிளார்க்ஸ் டேபிள் கையில் இருந்த காலத்தவர்கள் சைன் பக்கத்தைத் திறந்து பார்த்திருப்பார்கள்: 0.0872, 0.2588, 0.4226, 0.5736, 0.7071, 0.8192, 0.9063, 0.9659, 0.9962. இவற்றைக் கூட்டி ஒன்பதால் வகுத்தால் 0.637 வரும். இது கூட்டுச் சராசரி. துண்டுகளைப் பொடியாக்கிக்கொண்டே போனால் அது 2/π ஆகும், அதாவது 0.6366.

நமக்கு வேண்டியது மடக்கைகளின் சராசரி. மடக்கைகளைக் கூட்டுவது எண்களைப் பெருக்குவதற்குச் சமம். ஆகவே நம் தொகை கேட்பது சைனின் பெருக்குச் சராசரியைத்தான். விடை −(π/2) log 2 என்றால், π/2 நீளமுள்ள இடைவெளியில் மடக்கையின் சராசரி −log 2. அப்படியானால் சைனின் பெருக்குச் சராசரி சரியாக ½. கூட்டுச் சராசரியில் π வந்து நிற்கிறது. பெருக்குச் சராசரியோ எளிய பின்னமாக இருக்கிறது. இது ஏன் என்பதே இன்றைய என் கேள்வி.

ஒன்பது எண்களையும் பெருக்கிப் பாருங்கள். அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு, முதலாவதைக் கடைசியோடு, இரண்டாவதைக் கடைசிக்கு முந்தியதோடு என்று இணை சேர்க்கலாம். sin 85° என்பது cos 5°. ஆகவே முதல் இணை sin 5° cos 5°, அதாவது ½ sin 10°. அடுத்த இணை 15°-உம் 75°-உம். அது ½ sin 30°. அதற்கடுத்தவை ½ sin 50°, ½ sin 70°. நடுவில் 45° துணையின்றி நிற்கிறது; அதன் சைன் 1/√2. நான்கு அரைகளின் பெருக்கம் 1/16. sin 10° sin 50° sin 70° என்பது 1/8 என்று பள்ளியிலேயே நிறுவியிருக்கிறோம். sin 30° ஓர் அரை. எல்லாவற்றையும் பெருக்கினால் √2/512 வருகிறது. 512 என்பது 2-இன் ஒன்பதாம் அடுக்கு. ஒன்பது கோணங்கள், ஒன்பது இரண்டுகள். ஒன்பதாம் மூலம் எடுத்தால் பெருக்குச் சராசரி 0.5196.

மூன்று கோணங்கள் மட்டும் எடுத்தாலும் இதே கதைதான். 15°, 45°, 75°: பெருக்கம் √2/8. பொதுவாக n துண்டுகள் எடுத்தால் பெருக்கம் √2-ஐ 2-இன் n-ஆம் அடுக்கால் வகுத்தது. சராசரி, ½-ஐ 2-இன் 2n-ஆம் மூலத்தால் பெருக்கியது. துண்டுகள் மூன்றானால் 0.5612, ஒன்பதானால் 0.5196, தொண்ணூறானால் 0.5019. அரையை நோக்கி இறங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. ஒவ்வோர் இணையும் ஓர் அரையை வெளியே தள்ளியது என்பதைக் கவனியுங்கள். நிறுவலில் நடக்கப் போவதும் இதுதான்.

இப்போது நிறுவல். தொகைக்கு I என்று பெயரிடுவோம். பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பண்பு ஒன்று: 0 முதல் a வரை f(x)-ஐத் தொகையிட்டாலும் f(a − x)-ஐத் தொகையிட்டாலும் ஒரே மதிப்புதான். வளைவை இடம்வலமாகத் திருப்பினால் பரப்பு மாறாது என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. இங்கே a = π/2. சைன் கொசைனாகிறது.

I = ∫₀^(π/2) log(sin x) dx = ∫₀^(π/2) log(cos x) dx

இரண்டையும் கூட்டுகிறோம். sin x cos x = ½ sin 2x என்பதால்,

2I = ∫₀^(π/2) log(½ sin 2x) dx = ∫₀^(π/2) log(sin 2x) dx − (π/2) log 2

வலப்பக்கத்தில் எஞ்சியிருக்கும் தொகையில் t = 2x என்று பிரதியிடுவோம். dx என்பது dt/2 ஆகிறது. x, 0-இலிருந்து π/2 வரை ஓடும்போது t, 0-இலிருந்து π வரை ஓடுகிறது.

∫₀^(π/2) log(sin 2x) dx = ½ ∫₀^π log(sin t) dt

இந்த இடத்தில் இரண்டாவது சமச்சீர் தேவைப்படுகிறது. 0 முதல் π வரையிலான சைன் வளைவு, நடுவில் π/2-இல் நிறுத்திய ஆடியின் இருபுறமும் ஒரே உருவம். sin(π − t) = sin t. ஆகவே 0 முதல் π வரையிலான தொகை, 0 முதல் π/2 வரையிலான தொகையின் இரு மடங்கு, அதாவது 2I. முன்னால் உள்ள அரையோடு சேர்த்தால் I. ஆக 2I = I − (π/2) log 2; எனவே I = −(π/2) log 2.

இரண்டு சமச்சீர்களும் தனித்தனி வேலை செய்கின்றன. முதலாவது மட்டும் நம்மிடம் இருந்தால், சைனின் மடக்கைக்கும் கொசைனின் மடக்கைக்கும் ஒரே தொகை என்பது தெரியும். அதைக் கொண்டு log(tan x)-இன் தொகை 0 என்று சொல்லிவிடலாம். ஆனால் I-இன் மதிப்பைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லாது. இரண்டாவது மட்டும் இருந்தாலும் அதே நிலைதான். இரண்டையும் இணைப்பது இரட்டைக் கோண வாய்பாடு. அது முதல் சமச்சீர் தந்த பெருக்கத்தை மறுபடி சைனாகவே மாற்றி, இரண்டாவது சமச்சீரின் கையில் கொடுக்கிறது. மாற்றும்போது ஓர் அரையை விட்டுச் செல்கிறது. விடையில் இருக்கும் log 2 அந்த அரையின் மடக்கை.

விடைத்தாள் திருத்துகிறவர்கள் அடிக்கடி பார்க்கும் பிழை ஒன்று உண்டு. t = 2x என்று பிரதியிட்டு, dx-ஐ dt/2 ஆக்கிவிட்டு, மேல் எல்லையை மட்டும் π/2 என்றே விட்டுவிடுவது. அப்படிச் செய்தால் அந்தத் தொகை I/2 ஆகிறது. 2I = I/2 − (π/2) log 2 என்று வந்து, I = −(π/3) log 2, அதாவது −0.7259 என்று முடிகிறது. விடையின் தோற்றத்தில் எந்தக் குறையும் தெரியாது. π இருக்கிறது, log 2 இருக்கிறது, எதிர்க்குறியும் இருக்கிறது.

பிழையைப் பிடிக்க மூன்று கோணங்கள் போதும். log(sin x)-ஐ இருமுறை வகையிட்டால் −cosec² x வருகிறது. அது எப்போதும் எதிர்மம். எனவே வளைவு தன் தொடுகோடுகளுக்குக் கீழேயே கிடக்கிறது. அதனால் ஒவ்வொரு துண்டிலும் நடுப்புள்ளி மதிப்பைத் துண்டின் அகலத்தால் பெருக்கினால், உண்மையான தொகையைவிடக் கூடுதலாகத்தான் கிடைக்கும், ஒருபோதும் குறையாது. 15°, 45°, 75° மூன்றுக்கும் மடக்கைகளின் கூடுதல் log(√2/8), அதாவது −1.7329. துண்டின் அகலம் π/6. பெருக்கினால் −0.9073. ஆகவே I, −0.9073-க்கு மேலே இருக்க வழியே இல்லை. −0.7259 தவறு என்பது அங்கேயே தீர்ந்துவிட்டது. ஒன்பது கோணங்கள் எடுத்தால் −1.0283 வருகிறது; உண்மை மதிப்பு அதற்குச் சற்றுக் கீழே. தொகையீட்டுக் கணக்கில் விடை எழுதி முடித்ததும் இப்படி ஒரு தோராயம் போட்டுப் பார்க்க நான் என் மாணவர்களிடம் வற்புறுத்துவேன். இரண்டு நிமிட வேலை.

இனி, எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். மேலே செய்த நிறுவலில் அரை என்ற எண் நடுவில் தோன்றி, மடக்கையாகப் பிரிந்து, கடைசி வரை கூடவே வந்தது. அதை முதலிலேயே உரிய இடத்தில் வைத்துவிட்டால் என்ன ஆகும்? sin x-க்குப் பதிலாக 2 sin x-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த 2 செயற்கையானதன்று. ஆரம் 1 உள்ள வட்டத்தில், மையத்தில் 2x கோணம் தாங்கும் நாணின் நீளம் 2 sin x. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி தன் வானியல் நூலில் அட்டவணை போட்டது முழு நாண்களுக்குத்தான். 499-இல் ஆரியபட்டர் தந்தது அரைநாண்களின் அட்டவணை. நாம் இன்று சைன் என்று கையாள்வது அந்த அரைநாண். அரைநாண் பெரும்பாலான கணக்குகளுக்கு வசதியானது. இந்த ஒரு கணக்கில் மட்டும் முழு நாண் நம்மை நேரே விடைக்குக் கொண்டுபோகிறது.

J = ∫₀^(π/2) log(2 sin x) dx என்று வைப்போம். இரட்டைக் கோண வாய்பாட்டின் இருபுறத்தையும் 2-ஆல் பெருக்கினால்,

2 sin 2x = (2 sin x)(2 cos x)

இப்போது அரை எங்குமே இல்லை. மடக்கை எடுத்து 0 முதல் π/2 வரை தொகையிடுங்கள். வலப்பக்கம் இரண்டு தொகைகள். முதல் சமச்சீரால் இரண்டும் J. இடப்பக்கம், பிரதியிடலும் இரண்டாவது சமச்சீரும் சேர்ந்து J. ஆக J = 2J. எனவே J = 0. முடிந்தது. log(2 sin x)-இன் தொகை 0 என்றால் log(sin x)-இன் தொகை −(π/2) log 2 என்பது தானே வருகிறது.

இதன் வடிவப் பொருள் அழகானது. ஆரம் 1 உள்ள வட்டத்தில் ஒரு புள்ளியை நிலையாக வைத்துக்கொண்டு, வட்டத்தின் மற்ற எல்லாப் புள்ளிகளுக்கும் உள்ள தூரங்களின் பெருக்குச் சராசரியைக் கண்டால், அது சரியாக 1, ஆரத்தின் நீளமே. log(2 sin x) வளைவு 30 பாகையில் அச்சை வெட்டுகிறது. 0-இலிருந்து 30 பாகை வரை அச்சுக்குக் கீழே ஆழமாகத் தொங்கும் பரப்பும், 30-இலிருந்து 90 வரை அச்சுக்கு மேலே தாழ்வாகப் படர்ந்திருக்கும் பரப்பும் துல்லியமாகச் சமம். எல்லாமே அந்த J = 2J என்ற ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறது.

ஆனால் J = 2J என்பதிலிருந்து J = 0 என்று நான் சொன்னபோது உங்களில் யாராவது ஒருவர் கையைத் தூக்கியிருக்க வேண்டும். ஏனென்றால் அந்தச் சமன்பாட்டை நிறைவு செய்ய இன்னொரு வழியும் இருக்கிறது: J முடிவிலியாக இருக்கலாம். x, 0-ஐ நெருங்கும்போது sin x பூச்சியத்தை நெருங்குகிறது, மடக்கை எதிர் முடிவிலிக்குப் பாய்கிறது. வளைவு அடியற்ற பள்ளத்தில் விழுகிறது. இது முறையற்ற தொகை. பரப்பு முடிவுள்ளது என்று காட்டாதவரை மேலே எழுதிய எந்த வரிக்கும் பொருளில்லை. பல பாடக் குறிப்புகள் இதைத் தொடாமலே கடந்துவிடுகின்றன. அது எனக்கு உடன்பாடில்லை. அது ஏன் என்று ஒரு கணக்கைக் கொண்டு சொல்கிறேன்.

மடக்கையை விட்டுவிட்டு cosec² x-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 0 முதல் π/2 வரை அதன் தொகைக்கு K என்று பெயர். முன்பு செய்த அதே படிகளை, அதே வரிசையில், ஒன்றுகூட மாற்றாமல் செய்வோம். முதல் சமச்சீரால் sec² x-இன் தொகையும் K. இரண்டையும் கூட்டினால்,

1/sin² x + 1/cos² x = 1/(sin² x cos² x) = 4/sin² 2x

இருபுறமும் தொகையிட்டால் இடப்பக்கம் 2K. வலப்பக்கம், t = 2x பிரதியிட்டு, இரண்டாவது சமச்சீரைப் பயன்படுத்தினால் 4K. ஆக 2K = 4K; எனவே K = 0. ஆனால் cosec² x எங்குமே 1-க்குக் குறையாது. அதன் கீழுள்ள பரப்பு π/2-ஐவிடச் சிறியதாக இருக்க முடியாது. பூச்சியம் என்பது அபத்தம். படிகள் அத்தனையும் முந்தைய நிறுவலின் படிகளே. எந்தப் படியிலும் இயற்கணிதப் பிழை இல்லை. K முடிவிலி. முடிவிலியை முடிவுள்ள எண்போல இருபுறமும் கழித்ததுதான் பிழை.

இரண்டு கணக்குகளும் எந்த இடத்தில் பிரிகின்றன என்பதை உற்றுப் பார்த்தால் தெரியும். பூச்சியத்தைத் தொடாமல் ε என்ற சிறிய கோணத்திலிருந்து தொடங்குவோம். t = 2x என்று இரட்டிக்கும்போது, ε-இல் இருந்த ஓரம் 2ε-க்கு நகர்ந்துவிடுகிறது. அதாவது ε முதல் 2ε வரையிலான துண்டு கணக்கிலிருந்து நழுவுகிறது. அந்தத் துண்டின் பரப்பு என்ன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ε-ஐ 1 பாகை என்று வைத்தால், cosec² x-க்கு 1 பாகை முதல் 2 பாகை வரையிலான பரப்பு 28.65, log(sin x)-க்கு வெறும் −0.064. ε-ஐ 0.1 பாகைக்குக் குறைத்தால், முன்னது 286-ஐத் தாண்டுகிறது, பின்னது −0.010-க்குச் சுருங்குகிறது. ஒன்றில் நழுவிய துண்டு வளர்ந்துகொண்டே போகிறது, மற்றதில் தேய்ந்து மறைகிறது. மடக்கையும் முடிவிலிக்குத்தான் போகிறது; ஆனால் மிக மெதுவாகப் போகிறது. ε-ஐ log ε-ஆல் பெருக்கினால், ε சுருங்கும் வேகம்தான் வெல்கிறது.

முறைப்படி நிறுவவும் நீண்ட வேலை இல்லை. 0 முதல் π/2 வரை சைன் வளைவு மேல்நோக்கி வளைந்திருப்பதால், அதன் இரு முனைகளையும் இணைக்கும் நேர்கோட்டுக்குக் கீழே அது வருவதில்லை. எனவே sin x ≥ 2x/π. மடக்கை எடுத்தால் log(sin x), log(2x/π)-க்கும் 0-க்கும் இடையில் அகப்பட்டுக்கொள்கிறது. log(2x/π)-ஐ நேரடியாகவே தொகையிட முடியும். 0 முதல் π/2 வரை −π/2. ஆகவே நம் தொகை −1.5708-க்கும் 0-க்கும் நடுவே எங்கோ இருக்கும் முடிவுள்ள எண். இது தெரிந்த பிறகுதான் J = 2J என்பதற்கு J = 0 என்று உறுதியாகச் சொல்ல உரிமை வருகிறது. அந்தப் பள்ளத்தின் எடை எவ்வளவு என்று பார்க்க விரும்பினால், 90 பாகையில் முதல் ஒரு பாகையின் பங்கு மட்டும் ஏறக்குறைய −0.088. மொத்தம் −1.0888. தொண்ணூற்றில் ஒரு பங்கு அகலம், பன்னிரண்டில் ஒரு பங்கு பரப்பு. அடியற்ற பள்ளம் என்றாலும் கொள்ளளவு இவ்வளவுதான்.

கடைசியாக, இந்தச் சமச்சீர் எங்கே நின்றுவிடுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். இடைவெளியைப் பாதியாக்குங்கள்: log(sin x)-ஐ 0 முதல் π/4 வரை மட்டும் தொகையிடுவோம். அதை A என்போம். π/4 முதல் π/2 வரையிலான மிச்சத்தை B என்போம். முதல் சமச்சீரால் B என்பது log(cos x)-ஐ 0 முதல் π/4 வரை தொகையிட்டதும் ஆகும். A + B நமக்குத் தெரியும்; இரட்டைக் கோண வாய்பாடு sin x-ஐயும் cos x-ஐயும் பெருக்கியே பார்க்கும், எனவே கூடுதலை மட்டுமே தரும். A-ஐத் தனியே பெற A − B வேண்டும், அதாவது log(tan x)-இன் தொகை. அதைப் பற்றி இந்த வாய்பாட்டுக்கு எதுவும் தெரியாது. A − B-இன் உண்மை மதிப்பு −G. இந்த G, 1 − 1/9 + 1/25 − 1/49 + … என்று ஒற்றை எண்களின் வர்க்கங்களால் ஆன தொடர், மதிப்பு 0.91597. 19-ஆம் நூற்றாண்டின் கணிதவியலர் யூஜீன் கத்தலானின் பெயரால் கத்தலான் மாறிலி என்று வழங்குகிறது. ஆகவே A = −1.0024, B = −0.0864. முழு இடைவெளியின் விடை π-ஆலும் log 2-ஆலும் முடிந்துவிட்டது. பாதி இடைவெளியில் புதிய மாறிலி ஒன்று நுழைந்துவிட்டது. G விகிதமுறா எண்ணா என்பதுகூட இன்றுவரை நிறுவப்படவில்லை.

இடைவெளியைத் தொடாமல் முன்னால் ஒரு x-ஐப் பெருக்கினால்? 0 முதல் π வரை என்றால் சிக்கலில்லை. x-ஐ π − x ஆக்கினால் சைன் மாறாது. இரண்டையும் கூட்டும்போது x காணாமல் போய் π மட்டும் நிற்கும். விடை −(π²/2) log 2. ஆனால் 0 முதல் π/2 வரை என்று வைத்தால் கதை மாறுகிறது. x-ஐ π/2 − x ஆக்கும்போது சைன் கொசைனாகிவிடுகிறது. எடைகளும் பொருந்துவதில்லை, சார்புகளும் பொருந்துவதில்லை. இரண்டு வெவ்வேறு தொகைகள் கையில் இருக்கும், ஒன்றை மற்றொன்றாக மாற்ற வழியிருக்காது.

இந்தத் தொகையை 1772-இல் ஆய்லர் சந்தித்தார். அப்போது அவர் புனித பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார். கண்பார்வை ஏறக்குறைய முழுவதுமாகப் போயிருந்தது. ஒற்றை எண்களின் கனங்களின் தலைகீழிகளைக் கூட்டினால் என்ன வரும் என்று தேடியவர், இந்த வாய்பாட்டில் வந்து நின்றார்:

1 + 1/3³ + 1/5³ + 1/7³ + … = (π²/4) log 2 + 2 ∫₀^(π/2) x log(sin x) dx

இடப்பக்கத்தின் மதிப்பு 1.0518. எல்லா எண்களின் கனங்களுக்குமான தொடரை ζ(3) என்று எழுதுவோம். அதன் எட்டில் ஏழு பங்குதான் இந்த இடப்பக்கம். வர்க்கங்களுக்கான தொடர் π²/6 என்பதை ஆய்லர் தம் இளமையிலேயே கண்டுபிடித்திருந்தார். கனங்களுக்கு அப்படியொரு விடையை அவர் கடைசிவரை பெறவில்லை. கிடைத்தது சமச்சீருக்குப் பிடிகொடுக்காத இந்தத் தொகைதான். ζ(3) விகிதமுறா எண் என்பதையே 1978-இல்தான் பிரெஞ்சுக் கணிதவியலர் ரோஜர் அப்பேரி நிறுவினார். log(sin x)-க்கு முன்னால் ஒரே ஒரு x. அந்தத் தொகையின் மதிப்பு −0.3292 என்று தொடங்குகிறது. எத்தனை இலக்கம் வேண்டுமானாலும் கணக்கிடலாம். π-ஐயும் log 2-ஐயும் மட்டும் கொண்டு அதை எழுத முடியுமா என்பதற்கு இதுவரை எவரும் விடை கண்டதில்லை.